நல்ல தோற்றமுள்ள பெண் தேவை



இந்த மாதம் ஒரு பத்திரிகை விளம்பரத்தைப் பற்றி எழுதுகிறேன். வவுனியா நகரில் இருக்கும் ஒரு பல் சிகிச்சை நிலையம் வெளியிட்ட விளம்பரம் அது. சென்ற வருடம் எமது அலுவலகத்திற்கு வந்த ஒரு சகோதரி அதைக் கத்தரித்துக் கைப்பைக்குள் வைத்திருந்தார்.

"வரவேற்பாளர் தேவை. நகரில் இயங்கும் பிரபல குடும்பப் பல் சிகிச்சை நிலையத்திற்கு 18 - 28 வயதிற்குட்பட்ட, நல்ல தோற்றமும் ஆங்கிலத்தில் சரளமாக உரையாடும் ஆற்றலும் உள்ள, திருமணமாகாத பெண் தேவை. முன் அனுபவம் விரும்பத்தக்கது. கவர்ச்சிகரமான சம்பளம். நேரில் வரவும்."

அந்தச் சகோதரிக்கு வயது 39. ஓமந்தைக்கு உள்ளே ஒரு கிராமத்தில் இரண்டு பிள்ளைகளுடன் வாழ்கிறார். 2009இல் காணாமற்போன கணவரைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. "இதில எனக்குப் பொருந்துறது 'பெண்' எண்ட ஒரு சொல்தான் அக்கா" என்று சொல்லிச் சிரித்தார். வயதில் அவரைவிட நான் இளையவள் என்றாலும் அலுவலகத்தில் இருப்பவளை அக்கா என்று அழைப்பது அவர் வழக்கம்.

உண்மையைச் சொன்னால் நானும் அப்போது அவருக்கு வேறு வேலை பார்க்கலாம் என்றுதான் நினைத்தேன். வரவேற்பாளர் என்றால் மேசைக்குப் பின்னால் வடிவாக உடுத்திக்கொண்டு இருப்பவர் என்ற எண்ணம் என்னிடமும் இருந்தது. ஆனால் இரண்டு கிழமை கழித்து அதே விளம்பரம் மீண்டும் வந்தது. அந்த நிலையத்தை நடத்தும் பெண் பல் வைத்தியரை எனக்கு ஓரளவு பழக்கம். ஏன் ஆள் கிடைக்கவில்லை என்று போய்க் கேட்டேன்.

"ஆள் கிடைக்குது. நிக்கிறேல்லை. ஒரு பிள்ளை நாலு மாசம், மற்றப் பிள்ளை ஆறு கிழமை" என்றார். "என்ன வேலை எண்டு சொல்லி எடுத்தனீங்கள்?" என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை. ஒரு சனிக்கிழமை முழுவதும் அந்த மேசைக்குப் பக்கத்தில் இருந்து பார்க்க அனுமதி கேட்டேன். சம்மதித்தார்.

ஒரு சனிக்கிழமை

அந்த நிலையத்தில் இரண்டு வைத்தியர்கள், இரண்டு சிகிச்சைக் கதிரைகள், இரண்டு உதவியாளர்கள். அன்று வரவேற்பு மேசையில் தற்காலிகமாக வைத்தியரின் உறவுக்காரப் பிள்ளை ஒருவர் இருந்தார். கெட்டிக்காரி, ஆங்கிலமும் நன்றாகப் பேசினார். ஆனால் யாரும் அவருக்கு வேலையைச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

காலையில் ஒரு வயதான ஐயா பல் பிடுங்க வந்தார். ஒன்றரை மணித்தியாலம் காத்திருந்து கதிரையில் ஏறிய பிறகுதான், இருதய வருத்தத்திற்காக இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை போடுவதாக வைத்தியரிடம் சொன்னார். அப்படிப்பட்டவருக்கு முதலில் இரத்தச் சோதனை பார்க்கவேண்டும், தேவையானால் அவரது இருதய வைத்தியரிடமும் கேட்கவேண்டும். ஐயாவைத் திருப்பி அனுப்பினார்கள். நேரம் கொடுக்கும்போதே "என்ன மருந்து பாவிக்கிறீங்கள் ஐயா?" என்று ஒருவர் கேட்டிருந்தால் அவருக்கு ஒரு பயணமும் வைத்தியருக்கு அரை மணித்தியாலமும் மிஞ்சியிருக்கும்.

பதினொரு மணியளவில் வேறொரு சிக்கல். பல் பிடுங்கும் ஏழு பேருக்கு அடுத்தடுத்து நேரம் கொடுக்கப்பட்டிருந்தது. பிடுங்குவதற்கான ஆயுதங்கள் ஆறு தொகுதிகளே இருந்தன. பாவித்த ஆயுதத்தைக் கழுவி, பொதி செய்து, கிருமி நீக்கும் இயந்திரத்தில் வைத்து, உலர்த்தி எடுக்க ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் செல்லும். ஏழாவது ஆள் கதிரையில் இருக்க, இயந்திரம் ஓடி முடியும்வரை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியில் காத்திருந்தவர்களின் கோபம் முழுவதும் மேசையில் இருந்த பிள்ளைமேல் விழுந்தது. நேரம் எழுதும் கொப்பிக்கும் ஆயுதத் தொகுதிகளுக்கும் தொடர்பு இருப்பதை அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

பின்னேரம் செயற்கைப் பல் பொருத்த ஒரு அம்மா மாங்குளத்தில் இருந்து வந்தார். பல் செய்யும் ஆய்வுகூடத்திலிருந்து அவருடைய பல் இன்னும் வந்து சேரவில்லை. முதல்நாள் ஒரு அழைப்பு எடுத்துக் கேட்டிருந்தால் அவர் வந்திருக்க மாட்டார்.

அன்று மாலை வைத்தியருடன் தேநீர் குடிக்கும்போது நான் குறித்து வைத்தவற்றை வாசித்துக் காட்டினேன். அழகு, வயது, திருமணம் ஆகிய மூன்றும் அந்த நாளின் ஒரு சிக்கலைக்கூடத் தீர்த்திருக்காது. ஆங்கிலம் எவ்வளவு தேவைப்பட்டது என்று எண்ணிப் பார்த்தோம். வெளிநாட்டில் இருந்து விடுமுறைக்கு வந்த ஒரு குடும்பத்துடன் நாலைந்து வசனம். சிங்களம் அதைவிடக் கூடுதலாகத் தேவைப்பட்டது. அதை விளம்பரம் கேட்கவேயில்லை.

திருத்திய விளம்பரம்

இருவரும் இருந்து புதிதாக எழுதினோம். வைத்தியர் சில இடங்களில் ஒப்புக்கொள்ளவில்லை. "பல்லுக் கிளினிக்கில பல்லுக் கொட்டின ஆளை முன்னுக்கு வைக்கேலுமோ?" என்று கேட்டார். 'சுத்தமான, ஒழுங்கான தோற்றம்' என்று எழுதி அதைத் தீர்த்தோம். முடிவில் பத்திரிகைக்குச் சென்றது இது:

"குடும்பப் பல் சிகிச்சை நிலையத்திற்கு வரவேற்பாளர் தேவை. வயது 20 - 50. க.பொ.த. சாதாரண தரத்தில் தமிழ், கணிதம் சித்தி. தெளிவான கையெழுத்து. சிங்களத்தில் பேசத் தெரிந்திருத்தல் விரும்பத்தக்கது. காசுக் கொப்பி எழுதிய பழக்கம் இருந்தால் குறிப்பிடவும். பல் சிகிச்சை அனுபவம் தேவையில்லை, பயிற்சி தரப்படும். அடிப்படைச் சம்பளம் 36,000 ரூபா, ஊழியர் சேமலாப நிதியும் ஊழியர் நம்பிக்கை நிதியும் உண்டு. வேலை நேரம் காலை 8.00 - 1.00, மாலை 3.00 - 6.30. ஞாயிறு விடுமுறை. கைப்பட எழுதிய விண்ணப்பம் அனுப்பவும்."

தெரிவாகும் ஆளுக்குக் கொடுப்பதற்கு வேலை விபரத் தாள் ஒன்றையும் தயாரித்தோம். அதில் இருந்தவை:

1. காலையில் அன்றைய நோயாளர் அட்டைகளை எடுத்து நேர ஒழுங்கில் வைத்தல்.

2. நேரம் கொடுத்தல். பரிசோதனைக்கு 15 நிமிடம், பல் அடைக்கவும் சுத்தம் செய்யவும் 30 நிமிடம், வேர்ச் சிகிச்சைக்கு ஒரு மணித்தியாலம். காலை ஒன்று, மாலை ஒன்றாக இரண்டு இடங்களை அவசர நோயாளருக்கு வெறுமையாக விடவேண்டும். பல் பிடுங்குவோரை ஒன்றன்பின் ஒன்றாக எழுதக்கூடாது.

3. புதிய நோயாளரிடம் ஐந்து விடயங்களைக் கேட்டு அட்டையில் சிவப்பு மையால் எழுதுதல். சீனி வருத்தம், இருதய வருத்தம், பாவிக்கும் குளிசைகள், மருந்து ஒவ்வாமை, பெண்களானால் கர்ப்பம். குளிசையை நிறுத்தும்படியோ தொடரும்படியோ வரவேற்பாளர் சொல்லக்கூடாது. அது வைத்தியரின் வேலை.

4. அடுத்த நாள் வரவேண்டியவர்களுக்கு மாலையில் அழைப்பு எடுத்து நினைவூட்டுதல். செயற்கைப் பல் வந்துவிட்டதா என்று ஆய்வுகூடத்தில் கேட்டல்.

5. காசு வாங்கிப் பற்றுச்சீட்டுக் கொடுத்தல், நாள் முடிவில் கணக்கை ஒப்பிடுதல். தொலைபேசியில் பரிசோதனைக் கட்டணத்தை மட்டும் சொல்லலாம். சிகிச்சைக்கு எவ்வளவு முடியும் என்பதை வைத்தியர் பல்லைப் பார்த்த பிறகே சொல்லவேண்டும்.

6. யார் வந்தார், என்ன வருத்தம் என்பதை வெளியில் எவருக்கும் சொல்லாதிருத்தல்.

மூன்று கேள்விகள்

அந்த 39 வயதுச் சகோதரி விண்ணப்பம் எழுதினார். முதலில் "எனக்கு அனுபவம் இல்லை" என்று தொடங்கியிருந்தார். அதை வெட்டச் சொன்னேன். கிராமத்தின் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் ஐந்து வருடம் பொருளாளராக இருந்து கடன் கொப்பி எழுதியவர் அவர். மெனிக்பாம் முகாமில் இருந்து வந்த பிறகு நகரத்தில் ஒரு தையல் நிலையத்தில் வேலை செய்து சிங்களம் பேசப் பழகியவர். அந்த இரண்டையும் முதல் இரண்டு வசனமாக எழுதினார். சாதாரண தரப் பெறுபேற்றுச் சான்றிதழ் இடம்பெயர்வில் தொலைந்திருந்தது. பரீட்சைத் திணைக்களத்தில் விண்ணப்பித்து உறுதிப்படுத்திய பிரதியை எடுத்தார். உங்களில் பலருக்கும் இதே நிலை இருக்கும். விளம்பரம் வரும்வரை காத்திருக்காமல் அந்தப் பிரதியை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

நேர்முகத்தில் "கணவர் என்ன செய்கிறார்?" என்று கேட்கவேண்டாம் என வைத்தியரிடம் முன்னரே கேட்டுக்கொண்டேன். அதற்குப் பதிலாக, வந்த நால்வரிடமும் வேலையைப் பற்றிய மூன்று கேள்விகளே கேட்கப்பட்டன.

முதற் கேள்வி, காலை 9.10இற்கு வந்த நான்கு அழைப்புகள். விளையாடும்போது விழுந்து முன்பல் முழுதாகக் கழன்ற பன்னிரண்டு வயதுப் பையன். பல் சுத்தம் செய்யவேண்டிய ஒரு ஆசிரியை. இரண்டு பிள்ளைகளைப் பரிசோதனைக்குக் கொண்டுவர விரும்பும் தாய். மூன்று நாளாகப் பல்வலி, இப்போது கன்னமும் தாடையின் கீழும் வீங்கி, வாய் திறக்கவும் விழுங்கவும் கஷ்டப்படும் ஒருவர். இவர்களுக்கு எப்படி நேரம் கொடுப்பீர்கள்?

சகோதரி ஆசிரியைக்கு அடுத்த கிழமை எழுதினார். பிள்ளைகளுக்குப் பாடசாலை விட்ட பிறகு அடுத்தடுத்து இரண்டு 15 நிமிடங்கள் கொடுத்தார். வீக்கம் உள்ளவருக்கு நேரமே எழுதவில்லை. "தண்ணி விழுங்க ஏலாத ஆளை இங்க கொண்டுவந்து இருத்தி வைக்கலாமோ? நான் உடன டொக்டரைக் கேப்பன்" என்றார். அதுதான் சரியான விடை. அந்த வீக்கம் மூச்சை அடைக்கலாம். அவர் தாமதிக்காமல் பெரியாஸ்பத்திரிக்குப் போகவேண்டும், தேவையானால் 1990 இலவச அம்புலன்ஸை அழைக்கவேண்டும்.

பையனுடைய விடயத்தில் பிழை விட்டார். 10.30க்கு இருந்த அவசர இடத்தில் எழுதினார். கழன்ற நிரந்தரப் பல்லை மீண்டும் பொருத்துவதற்கு ஒவ்வொரு நிமிடமும் முக்கியம், ஒரு மணித்தியாலத்துக்குள் வந்தால்தான் நல்ல வாய்ப்பு. ஆகவே "இப்பவே வெளிக்கிடுங்கோ" என்பதே பதில். பல்லின் வேரைத் தொடாமல் மேற்பக்கத்தில் பிடிக்கவேண்டும், தேய்த்துக் கழுவக்கூடாது, பாலுக்குள் போட்டுக் கொண்டுவரவேண்டும். பாற்பல்லானால் திருப்பி வைப்பதில்லை. இது யாருக்கும் தானாகத் தெரியவராது, சொல்லிக்கொடுத்தால் பிடித்துக்கொள்ளலாம் என்று வைத்தியர் அதைக் குறையாக எடுக்கவில்லை.

இரண்டாவது கேள்வி கணக்கு. காலையில் மாற்றுக் காசாக லாச்சியில் 5,000 ரூபா. அன்றைய பற்றுச்சீட்டுகளின் கூட்டுத்தொகை 46,500. மாலையில் லாச்சியில் இருப்பது 42,200. என்ன நடந்தது? இருக்கவேண்டியது 51,500, ஆகவே 9,300 குறைகிறது. ஒருவர் "களவு" என்றார். இன்னொருவர் பேசாமல் இருந்தார். சகோதரி கேட்டார்: "ஆராவது பாங்க் மூலம் கட்டினவையோ? லாச்சியில இருந்து ஏதும் செலவு குடுத்ததோ?" சரியாகவே கேட்டார். 8,500 ரூபா வங்கி மூலம் கட்டப்பட்டிருந்தது. 800 ரூபா ஆய்வுகூடத்துப் பொதிக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. கடன் கொப்பி எழுதியவருக்குக் குறைந்த காசைக் கண்டு பயம் வருவதில்லை. துண்டு எங்கே என்றுதான் தேடுவார்.

மூன்றாவது கேள்வி. ஒருவர் அழைத்து, "என்ர மனிசி அங்க வந்தவவோ, எத்தனை மணிக்கு வெளிக்கிட்டவ?" என்று கேட்கிறார். என்ன சொல்வீர்கள்? நால்வரில் மூவர் கொப்பியைப் பார்த்துச் சொல்வோம் என்றார்கள். சகோதரி சற்று யோசித்து, "ஆர் வந்தது போனது எண்டு போனில சொல்லுறேல்லை. உங்கட நம்பரைத் தாங்கோ, அப்படி ஆரும் வந்தால் எடுக்கச் சொல்லுறன் எண்டு சொல்லுவன்" என்றார். ஏன் என்று வைத்தியர் கேட்டார். "கேக்கிறது புருசனோ வேற ஆரோ எண்டு எனக்கு எப்படித் தெரியும்? புருசனெண்டாலும் அவ பயந்து வந்திருக்கலாம்."

அவரைத் தெரிவு செய்தார்கள்.

சம்பளமும் நேரமும்

நியமனக் கடிதத்தில் கையெழுத்து வைக்கும் முன் நாங்கள் இருவரும் அதை வரி வரியாகப் பார்த்தோம். தனியார் வேலைக்குப் போகும் சகோதரிகளுக்காக அதைச் சற்று விபரமாகச் சொல்கிறேன்.

2025இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2026 ஜனவரி முதல் 30,000 ரூபா. 'கவர்ச்சிகரமான சம்பளம்' என்று இருந்தால் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள். அடிப்படையைச் சிறிதாக எழுதி மிகுதியைப் படி என்று காட்டுவோர் உண்டு. அப்படி எழுதினால் சேமலாப நிதியும் குறைந்துவிடலாம்.

36,000 ரூபா அடிப்படைச் சம்பளத்தில் சேமலாப நிதிக்கு ஊழியரின் பங்கு 8 வீதம். அதாவது 2,880 ரூபா வெட்டப்பட்டு 33,120 ரூபா கைக்கு வரும். முதலாளி தன் பணத்தில் இருந்து 12 வீதம், 4,320 ரூபா போடவேண்டும். நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், 1,080 ரூபாவையும் அவரே கட்டவேண்டும். அதை உங்கள் சம்பளத்தில் வெட்டக்கூடாது. "தகுதிகாண் காலம் முடியட்டும், பிறகு கட்டுவம்" என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. முதல் நாளில் இருந்தே கட்டவேண்டும், ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் கட்டவேண்டும். உங்கள் அங்கத்துவ இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். கட்டப்படுகிறதா என்ற சந்தேகம் இருந்தால் தொழில் திணைக்கள அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

கடிதத்தில் ஒரு வரி எங்களை நிறுத்தியது. "காசில் ஏற்படும் குறைவு சம்பளத்தில் கழிக்கப்படும்" என்று இருந்தது. அந்த லாச்சியின் திறப்பு மூன்று பேரிடம் இருந்தது. மூன்று பேர் திறக்கும் லாச்சிக்கு ஒருவர் பொறுப்பேற்க முடியாது என்று சகோதரியே வைத்தியரிடம் சொன்னார். திறப்பு அவரிடம் மட்டும் இருப்பது, நாள் முடிவில் கணக்கை இருவர் எண்ணிக் கையெழுத்திடுவது என்று மாற்றினார்கள். அந்த வரியும் வெட்டப்பட்டது.

நேரம்தான் முழுதாகத் தீரவில்லை. 6.30க்கு வேலை முடிந்தாலும் கடைசி நோயாளி எழும்பும்வரை கணக்கை மூட முடியாது. ஏ9 வீதியில் பஸ் கிடைத்தாலும் இறங்கிய இடத்தில் இருந்து வீடு மூன்று கிலோமீற்றர், இருட்டு. கிழமை நாட்களில் 6.15க்குக் கணக்கை மூடுவது, அதற்குப் பிறகு வரும் காசை உதவியாளர் தனிக் கடித உறையில் போட்டு அடுத்த நாள் கணக்கில் சேர்ப்பது என்று ஒழுங்கு செய்தார்கள். சனிக்கிழமைகளில் அதுவும் சரிவரவில்லை. அன்று அவரது மகன் சைக்கிளில் சந்தியில் வந்து நிற்கிறான். இந்த ஒழுங்கு இல்லாவிட்டால் வேண்டாம் என்று சொல்ல அவர் ஆயத்தமாகத்தான் இருந்தார்.

எட்டு மாதங்களின் பின்

முதல் மாதத்தில் அவரும் பிழை விட்டார். ஒரு திங்கட்கிழமை நான்கு பேருக்கு ஒரே நேரத்தைக் கொடுத்துவிட்டார். கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அன்று நோயாளர் சிலர் அவரை எல்லோருக்கும் முன்னால் ஏசினார்கள். அடுத்த நாள் வரமாட்டேன் என்று எனக்கு அழைத்துச் சொன்னார். ஆனால் வந்தார். இப்போது கொப்பியில் பல் பிடுங்குவோரைப் பச்சை மையால் எழுதுகிறார். காலையில் ஐந்து பச்சைக்கு மேல் எழுதுவதில்லை. "இண்டைக்கு ஏலாது அம்மா, நாளைக்குப் பத்து மணிக்கு உங்களுக்கு எண்டு வைச்சிருக்கிறன்" என்று சொல்லப் பழகிவிட்டார்.

ஆங்கிலத்தில் தேவையான பன்னிரண்டு வசனங்களை வைத்தியர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அது மேசைக் கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது. பல் பிடுங்கிய பிறகு இரத்தம் நிற்கவில்லை என்று அழைப்போருக்குச் சொல்லவேண்டியதும் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது: சுத்தமான துணியை மடித்துப் பிடுங்கிய இடத்தில் வைத்து இருபது நிமிடம் விடாமல் கடிக்கவும், வாய் கொப்பளிக்கவேண்டாம், அதற்குப் பிறகும் நிற்காவிட்டால் உடனே வரவும். அதற்கு மேல் ஒரு சொல்லும் அவர் சொல்வதில்லை.

போன கிழமை அந்தப் பக்கம் போனபோது, கதவுக்கு அருகில் ஒரு கதிரை தனியாகப் போடப்பட்டிருந்தது. ஏன் என்று கேட்டேன். படுக்க வைத்து முகத்துக்கு வெளிச்சம் அடித்தால் பதறுகிறவர்கள் சிலர் வருகிறார்கள், அவர்கள் உள்ளே போகும் முன் காற்றுப் படும் இடத்தில் இருக்க விரும்புகிறார்கள் என்றார். அவர்களுடைய அட்டையில் சிறிய அடையாளம் ஒன்று போட்டு வைத்தியருக்கு முன்னரே காட்டிவிடுகிறார். அந்த அடையாளம் எதற்கு என்று மற்றவர்களுக்குச் சொல்வதில்லை.

அதற்குள் தொலைபேசி அடித்தது. எனக்குக் கையால் இருக்கச் சொல்லிவிட்டு எடுத்தார். "வணக்கம், சொல்லுங்கோ. எப்ப தொடக்கம் நோகுது? வீக்கம் இருக்கோ? வேற என்ன குளிசை பாவிக்கிறீங்கள்?" என்று கேட்டுக்கொண்டே சிவப்புப் பேனையை எடுத்தார்.